காலை ஆறரையா, மாலை ஐந்தரையா, இரவு ஒன்பதா: வெளிநாட்டு ஆட்கள் நிறைந்த குரூப்பில் எப்போது போடுவது?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஒரு பழைய மாணவர் சங்க வட்ஸ்அப் குரூப்பை நடத்துபவருக்கு மெசேஜ் எழுதுவது பெரிய வேலை இல்லை. அதை எத்தனை மணிக்குப் போடுவது என்பதுதான் தலையிடி. கொழும்பில் இருப்பவர்கள் கொஞ்சம். மிச்சப்பேர் ரொறன்ரோ, லண்டன், சூரிச், தோஹா, டுபாய், சிட்னி என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவரின் சாப்பாட்டு நேரம் இன்னொருவரின் நடுச்சாமம்.

அட்மின்மார் பொதுவாக மூன்று நேரங்களைச் சொல்லுவார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் ஒரு மணித்தியாலம் மாறும் என்பதால், மாறுகிற ஊர்களுக்கு முதலில் ஜனவரி நேரமும் அடுத்து ஜூலை நேரமும் தந்திருக்கிறேன்.

| கொழும்பு | ரொறன்ரோ | லண்டன் | தோஹா | சிட்னி |
|---|---|---|---|---|
| காலை 6.30 | முதல் நாள் இரவு 8.00 / 9.00 | அதிகாலை 1.00 / 2.00 | அதிகாலை 4.00 | மதியம் 12.00 / காலை 11.00 |
| மாலை 5.30 | காலை 7.00 / 8.00 | மதியம் 12.00 / 1.00 | பிற்பகல் 3.00 | இரவு 11.00 / 10.00 |
| இரவு 9.00 | காலை 10.30 / 11.30 | பிற்பகல் 3.30 / 4.30 | மாலை 6.30 | அதிகாலை 2.30 / 1.30 |

அட்டவணையைப் பார்த்தவுடன் யாரும் மாலை ஐந்தரையைத்தான் எடுப்பார்கள். ரொறன்ரோவில் எழும்பிவிட்டார்கள், சிட்னியில் இன்னும் படுக்கவில்லை, நடுவில் இருக்கும் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். அதனால்தான் பல குரூப்புகள் இந்த நேரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் மூன்றிலும் இதுதான் மோசம் என்பது என் கணக்கு.

ஏன் என்று ஒரு மெசேஜை வைத்தே பார்க்கலாம். ஊர்ப் பாடசாலைக்கு ஒரு நீர்த்தொட்டி கட்டக் காசு சேர்க்கிறீர்கள். விருப்பமானவர்கள் பெயரும் தொகையும் பதியவேண்டும். கொழும்பு நேரம் ஐந்தரைக்குப் போடுகிறீர்கள். ரொறன்ரோக்காரர் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் அவசரத்தில் திறக்கிறார். லண்டன்காரர் வேலையிடத்தில் ஒரு கையில் சான்ட்விச்சோடு திறக்கிறார். தோஹாவில் பெரும்பாலானோருக்கு வேலை முடியவில்லை. கொழும்பில் இருப்பவர் 100 இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள், 'பிறகு போடுவம்' என்று நினைக்கிறார்கள். திறந்த உடனேயே பச்சை வட்டத்து எண் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மெசேஜை ஞாபகப்படுத்த போனில் ஒன்றும் இல்லை. வேறு நாலு குரூப்பின் மெசேஜ்கள் மேலே ஏறியதும் விஷயம் அதோடு சரி.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து Info-வைத் திறந்தால் யார் வாசித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தும் வாசிக்கவில்லை என்று பெயரோடு வரும். நீலச் சரியை நிறுத்தி வைத்திருப்பவர்களும் இதில் தப்ப முடியாது, ஏனென்றால் அந்த நிறுத்தம் குரூப்புக்குச் செல்லாது. இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருக்கால், அடுத்த நாள் ஒருக்கால் பாருங்கள். ஐந்தரை மெசேஜுக்கு வாசித்தவர் பட்டியல் மளமளவென்று நீளும், பதில் மட்டும் வராது. வாசித்தவர் கூட, பதில் குறைய என்றால் நேரம் பிழை. வாசித்தவர்களே குறைவு என்றால் அது வேறு வியாதி: ஆட்கள் குரூப்பை மியூட் பண்ணியோ ஆர்கைவில் போட்டோ வைத்துவிட்டார்கள், அதற்கு நேரத்தை மாற்றிப் பிரயோசனம் இல்லை.

நித்திரையில் இருப்பவரை விட அவசரத்தில் இருப்பவர்தான் நமக்கு நட்டம். நித்திரையில் இருப்பவருக்கு மெசேஜ் திறக்கப்படாமல் எண்ணோடு காத்திருக்கும். எழும்பித் தேத்தண்ணியோடு ஆறுதலாகப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் காலை ஆறரை திடீரென்று நல்ல நேரமாகிறது. ரொறன்ரோவில் இராச்சாப்பாடு முடிந்து சோபாவில் சாய்ந்திருக்கும் நேரம். கணவனும் மனைவியும் பக்கத்தில் இருப்பார்கள், காசு விஷயம் அங்கேயே பேசி முடியும். சிட்னியில் மதியம். கொழும்பில் எழும்பும் நேரம். லண்டனும் தோஹாவும் நித்திரை, எழும்பும்போது முதல் பார்க்கிற மெசேஜ்களில் ஒன்றாக இருக்கும்.

காலை ஆறரைக்கு இரண்டு கஷ்டம் இருக்கிறது. ஒன்று, ரோஜாப்பூவோடு வரும் 'காலை வணக்கம்' படங்களும் முருகன் படங்களும் அதே நேரத்தில்தான் கொட்டும். உங்கள் அறிவித்தல் ஐந்தே நிமிடத்தில் அவற்றுக்குக் கீழே புதைந்துபோகும். அட்மின் மட்டும் போடக்கூடியதாகக் குரூப்பை மாற்றினால் இது தீரும். அரட்டைக்கு வேறு குரூப் ஒன்றைத் திறந்து கொடுங்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டாவது, லண்டனில் அதிகாலை ஒரு மணிக்குப் போன் சத்தம் போடுவது. எங்கள் ஆட்களுக்கு அந்த நேரத்து மணி சாதாரண மணி இல்லை. லண்டனில் இருக்கும் ஒரு அண்ணர் சொன்னார்: "தம்பி, சாமத்திலை போன் டிங் எண்டால் ஊரிலை ஆருக்கோ ஏதோ எண்டு நெஞ்சு பதறுது. எடுத்துப் பாத்தால் கிரிக்கெட் மட்ச் நோட்டீஸ்." அதன் பிறகு அவர் குரூப்பை ஒரேயடியாக மியூட் பண்ணிவிட்டார். மெசேஜ் காலையில் வாசிக்கப்படும் என்பது உண்மை, ஆனால் நாலு தரம் இப்படி எழுப்பினால் அந்த ஆளை நிரந்தரமாக இழப்போம். டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சத்தமில்லாமல் அனுப்பலாம், நேரம் குறித்து வைத்தும் அனுப்பலாம். எங்கள் மூத்த ஆட்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமா?

இரவு ஒன்பது வளைகுடாவுக்கு உரிய நேரம். தோஹாவில் ஆறரை, டுபாயில் ஏழரை. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கேம்புக்குத் திரும்பி, குளித்து, வைஃபை பிடிக்கும் நேரம். அவர்கள் வீட்டோடு பேசுவதும் குரூப் பார்ப்பதும் இந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள்தான். கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை வெளிவேலைக்குக் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை தடை உண்டு. அதனால் வேலை விடியமுன் தொடங்கும், ஆட்களும் வேளைக்கே படுத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் ஒன்பதை எட்டரையாக்குவது நல்லது. கட்டாரிலும் சவூதியிலும் வெள்ளி, சனி லீவு. டுபாயில் 2022 முதல் சனி, ஞாயிறு. 'ஞாயிறு எல்லோரும் வீட்டில்தானே' என்று கொழும்பில் இருந்து நினைத்தால் தோஹா ஆட்களைத் தவறவிடுவோம்.

எனவே எது சிறந்தது என்பதற்கு உங்கள் குரூப்பின் ஆட்களின் பட்டியலைத்தான் பார்க்கவேண்டும். நம்பர்களின் முன்னெண்ணை எண்ணுங்கள்: +1, +44, +41, +974, +971, +61. +1 கூட என்றால் காலை ஆறரை. +974, +971 கூட என்றால் இரவு ஒன்பது. எங்கள் குரூப்பில் கனடா ஆட்கள்தான் அதிகம், ஆகவே முதல் தடவை காலையில் போடுகிறோம். லண்டன் ஆட்களுக்குச் சாமத்தில் சத்தம் கேட்காமல் போனை வைக்கச் சொல்லிக் குரூப் விபரத்திலேயே எழுதியிருக்கிறோம். நினைவூட்டலைக் காலையில் போடுவதில்லை. மூன்று நாள் கழித்து இரவு ஒன்பதுக்குப் போடுகிறோம். முதல் நேரத்தில் தவறியவர்கள் அதே நேரத்தில் திரும்பவும் தவறுவார்கள், வேறு நேரத்தில்தான் மாட்டுவார்கள்.

எத்தனை தரம் போடுவது என்பதிலும் இப்படித்தான் இரண்டு கட்சி. 'வந்த உடனே போடு' என்பது ஒன்று, 'ஒரு நாளைக்கு ஒன்றாகச் சேர்த்துப் போடு' என்பது மற்றது. முதலாவதில் குரூப் மியூட் ஆகும், அதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது கேட்க ஒழுங்காக இருந்தாலும் நடைமுறையில் சறுக்கும். நீள மெசேஜை வட்ஸ்அப் பாதியில் வெட்டி 'மேலும் வாசிக்க' என்று விடும். வெட்டுக்குக் கீழே இருக்கும் மூன்றாவது விஷயத்தை யாரும் பார்ப்பதில்லை. அடுத்தது, "நான் வாறன்" என்று ஒருவர் பதில் போட்டால் ஒன்றுகூடலுக்கா, கூட்டத்துக்கா, சிரமதானத்துக்கா என்று தெரியாது. ஆகவே ஒரு மெசேஜுக்கு ஒரு விஷயம், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். காசு கேட்கும் மெசேஜ் வாரத்துக்கு ஒன்று போதும். கொழும்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவை என்பது போன்றவற்றைக் கொழும்பு ஆட்களுக்கென்று பிரித்த குரூப்பில் போடுங்கள். மொன்றியலில் இருப்பவரால் நாரஹேன்பிட்டிக்கு வர முடியாது.

மரண அறிவித்தலுக்கு மட்டும் நேரமும் இல்லை, கணக்கும் இல்லை. கிரியை பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். பிளைட் பிடிப்பவர் உடனே பிடிக்கவேண்டும், பிடிக்க முடியாதவர் போனாவது எடுக்கவேண்டும். அதில் 'நாளை காலை 9 மணிக்கு' என்று எழுதாதீர்கள். செவ்வாய் காலை ஆறரைக்குக் கொழும்பில் எழுதினால் ரொறன்ரோவில் அது திங்கள் இரவு. அவருடைய நாளை உங்கள் நாளை இல்லை. 'புதன்கிழமை, 14ஆம் திகதி, இலங்கை நேரம் காலை 9.00' என்று எழுதுங்கள்.

சூம் கூட்டம் என்றால் எல்லா ஊர் நேரத்தையும் போடவேண்டும். மார்ச்சில் கவனம். ரொறன்ரோ மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை மாற்றும், லண்டன் கடைசி ஞாயிறுதான் மாற்றும். இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரமும் பழைய மெசேஜை கொப்பி பண்ணினால் ரொறன்ரோ நேரம் ஒரு மணித்தியாலம் பிழைக்கும். பிழைத்துவிட்டது என்று கண்டால் 15 நிமிடத்துக்குள் அதே மெசேஜைத் திருத்துங்கள், யாருக்கும் மணி அடிக்காது. அது தாண்டினால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 'மேலே உள்ளது பிழை' என்று கீழே எழுதுவதில் பயனில்லை, பாதிப்பேர் மேலே உள்ளதைத்தான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருப்பார்கள்.