படுத்த தாங்கியில் டீசல் எவ்வளவு? டிப் கோலை வாசிக்க மூன்று வழிகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை, காலபோக அறுவடை நேரம். படுக்கையாக வைத்த உருளைத் தாங்கிக்குள் கோலை விட்டெடுத்த அண்ணை, "கால்வாசி கிடக்கு, 565 லீற்றர். வெட்டு மெசினுக்கு இண்டைக்குக் காணும்" என்றார். பின்னேரத்துக்கு முன்னமே டீசல் தீர்ந்துவிட்டது.

தாங்கியின் உள்விட்டம் 120 சென்ரிமீற்றர், நீளம் 200. நிரம்பினால் 2262 லீற்றர். கோலில் நனைந்தது 30 சென்ரிமீற்றர், அதாவது உயரத்தில் கால்வாசி. ஆனால் வட்டத்தின் அடி ஒடுக்கமானது. அந்த உயரத்தில் உண்மையில் கிடந்தது 442 லீற்றர்தான். குழாய் அடியிலிருந்து 6 சென்ரிமீற்றர் மேலே என்பதால், அதற்குக் கீழே நிற்கும் 42 லீற்றரும் வெளியே வராது.

கோலைச் சமபங்காகப் பிரிக்கும் வழி சரியாக வருவது பாதி நிறைவில் மட்டுமே. அதற்குக் கீழே இருப்பதைக் கூட்டிச் சொல்லும், மேலே குறைத்துச் சொல்லும். டீசல் குறையக் குறையத்தான் நாம் கோலை நம்பியிருக்கிறோம், பிழையும் அங்கேதான் பெரிது. 12 சென்ரிமீற்றரில் இருப்பது 118 லீற்றர், சமபங்குக் கோல் காட்டுவது 226. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சூத்திரம் இது. r ஆரை, h நனைந்த உயரம், L நீளம், எல்லாம் சென்ரிமீற்றரில், விடை லீற்றரில்:

```
V = L*(r^2*acos((r-h)/r) - (r-h)*sqrt(2*r*h - h^2))/1000
```

கணிப்பான் RAD நிலையில் இருக்கவேண்டும். DEG நிலையில் 30 சென்ரிமீற்றருக்கு 42,888 லீற்றர் என்று வரும், பார்த்தவுடனே பிடிபடும். ஒருமுறை கணக்கிட்டு அட்டவணையாக எழுதி ஒட்டினால் போதும். ஆனால் சூத்திரம் தட்டையான முகப்புகளையும் மட்டமான இருப்பையும் எடுத்துக்கொள்கிறது. பழைய பவுசரிலிருந்து கழற்றிய தாங்கிக்கு முகப்பு வெளியே புடைத்திருக்கும், அதில் கணக்கைவிடக் கூடவே கொள்ளும். ஒரு அந்தம் 3 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க அங்கே கோலை விட்டால், 1.5 சென்ரிமீற்றர் கூடக் காட்டும். 30 சென்ரிமீற்றரளவில் அது சுமார் 31 லீற்றர்.

மூன்றாவது, வெறுந்தாங்கியில் 20 லீற்றர் கலனால் ஊற்றி ஒவ்வொரு தடவையும் கோலில் கோடு கீறுவது. சரிவு, புடைப்பு, நெளிவு எல்லாம் அந்தக் கோடுகளுக்குள் தானாக அடங்கிவிடும். பாதி நிரப்பவே 56 கலனுக்கு மேல் வேண்டும் என்பதுதான் கரைச்சல்.

என் தெரிவு சூத்திர அட்டவணைதான், ஆனால் ஊற்றிச் சோதித்த பிறகு. 30 சென்ரிமீற்றரில் நிற்கும்போது பவுசர் மீற்றரில் பார்த்து 200 லீற்றர் விடுங்கள், டீசல் அடங்கியபின் கோல் 39.2 அளவில் நனையவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் கோலின் வாசிப்புப் பிழை. சிறிய சரிவு இந்தச் சோதனையில் பிடிபடாது, அதனால் முதலில் மட்டம் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அதைத் தாண்டினால் முகப்பைப் பாருங்கள். தாங்கி நெளிந்திருந்தால் அட்டவணையை நம்பாமல், அடிக் கால்வாசியையாவது கலனால் ஊற்றிக் கோடு போடுங்கள். ஆலை அண்ணையின் கோலில் இப்போது அப்படிக் கீறிய 22 கோடுகள் இருக்கின்றன.