மேடைப் படத்தில் விழுந்த பட்டைகள்: தானியங்கி வடிகட்டியா, கையால் பொட்டை மறைப்பதா?

செம்பூரில் ஒரு அரங்கேற்றத்தில் எடுத்த படங்கள். கச்சேரி நடுவே ‘டிக் டிக்’ சத்தம் வேண்டாமென்று எலக்ட்ரானிக் ஷட்டர், வேகம் 1/640. மேடையில் எல்இடி விளக்குகள். எல்லாப் படத்திலும் மேலிருந்து கீழ் வரை ஒரே இடைவெளியில் கிடைமட்டப் பட்டைகள் விழுந்திருந்தன. அவற்றை எடுக்க மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்து ஒன்றில் நின்றுவிட்டேன்.

பட்டை எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கும். இந்தக் கேமரா 4000 வரிசைகளைப் படிக்க ஏறக்குறைய 1/20 நொடி எடுத்துக்கொள்கிறது. படத்தில் எண்ணினால் 50 பட்டைகள். அப்படியென்றால் விளக்கு நொடிக்குச் சுமார் 1000 முறை அணைந்து எரிகிறது. வெளிச்சத்தைக் குறைக்க எல்இடி செய்யும் வேலை அது. பட்டை 80 வரிசைக்கு ஒருமுறை, பிசகாமல் திரும்பி வருகிறது. இந்த ஒழுங்குதான் நமக்குப் பிடி.

முதல் வழி, மங்கலாக்குவது. 80 வரிசை அகலமுள்ள பட்டை மறையும் அளவுக்கு மங்கலாக்கினால் முகமே மறைந்துவிடும். இதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, ImageJ என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருளில் தயாராக இருக்கும் வசதி. `Process > FFT > Bandpass Filter...` போய் `Suppress stripes` என்ற இடத்தில் `Horizontal` என்று கொடுத்தால் போதும், எதையும் தேட வேண்டாம். அதே பெட்டியில் பெரிய அமைப்புகளையும் மிக நுண்ணியவற்றையும் வடிகட்டும் அளவுகள் முன்கூட்டியே போட்டிருக்கும். அவற்றை மாற்றாமல் ஓட்டினால் படம் தட்டையாகிவிடும்.

மூன்றாவது, படத்தை FFT என்ற கணக்கால் அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து, பட்டைக்குரிய பொட்டுகளை மட்டும் கையால் மறைப்பது. நான் நிற்பது இதில்தான்.

ஸ்பெக்ட்ரத்தின் நடுப்புள்ளி, படத்தின் சராசரி வெளிச்சம். அதிலிருந்து விலக விலக நுணுக்கமான விவரங்கள். படத்தின் உயரத்துக்குள் 50 முறை வரும் கிடைமட்டப் பட்டை, நடுவிலிருந்து நேர் மேலே 50 புள்ளி, நேர் கீழே 50 புள்ளி தள்ளி ஒரு ஜோடிப் பொட்டாகத் தெரியும். பட்டை முழுமையான சைன் அலையாக இல்லாததால் 100, 150 இடங்களிலும் மங்கலான ஜோடிகள் இருக்கும். (ImageJ 6000x4000 படத்தை 8192 சதுரமாக்கிக்கொள்ளும். அதில் அதே பொட்டு 102-க்குப் பக்கத்தில் நிற்கும்.) நடுவழியாக மேலும் கீழும் ஓடும் ஒரு வெளிச்சக் கோட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். படத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் பொருந்தாததால் வருவது அது. தொடர்ச்சியாக ஓடினால் அந்தக் கோடு, அதன்மேல் தனியாகப் புடைத்து இரு பக்கமும் சமதூரத்தில் நின்றால் பட்டை.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயம்: பட்டையோடு சேர்த்து வேறு எது போகிறது? ஸ்பெக்ட்ரத்தில் ஓர் இடத்தை அடைத்தால் அங்கே இருந்த பட்டை மட்டும் போகாது, படத்தின் உண்மையான விவரமும் போகும். தானியங்கி வசதி நடுவைச் சுற்றியுள்ள பகுதியை விட்டுவிட்டு, அந்தச் செங்குத்துக் கோட்டையே மொத்தமாக அடைக்கிறது. மேடையின் முன்விளிம்பு, படிகள், சேலையின் கிடைமட்டக் கரை எல்லாமே அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. பட்டை போனது, ஆனால் மேடை விளிம்புக்கு மேலும் கீழும் அலை அலையாக மெல்லிய நிழல்கள் வந்து உட்கார்ந்தன. பொட்டை மட்டும் மறைத்தால் இழப்பு ஆறு சிறு ஓட்டைகளோடு நின்றுவிடுகிறது.

இதைக் கண்ணால் சரிபார்க்க வழி உண்டு. மூலப் படத்திலிருந்து திருத்திய படத்தைக் கழித்து, வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கிப் பாருங்கள். அதில் பட்டைகள் மட்டும் தெரிந்தால் நல்லது. மூக்கு, விரல், கரை என்று ஏதாவது அடையாளம் தெரிந்தால் ஓட்டை பெரிது. படத்தில் பட்டை பாதி வெளுத்து மீதி நின்றால், ஜோடியில் ஒன்றைத்தான் மறைத்திருக்கிறீர்கள்.

ஓட்டையின் ஓரம் மென்மையாக இருக்க வேண்டும். கறுப்பு பிரஷ்ஷால் வட்டம் போட்டால் வெட்டிய ஓரத்தின் எதிரொலியாகப் படத்தில் புதுப் பட்டைகள் அலையும். அதனால் பைத்தானுக்கு வந்துவிட்டேன்:

```
import numpy as np
L = np.log(ch + 8.0)
F = np.fft.fftshift(np.fft.fft2(L))
h, w = L.shape
y, x = np.ogrid[:h, :w]
M = np.ones((h, w))
for d in (50, 100, 150):
    for s in (d, -d):
        r2 = (y - h//2 - s)**2 + (x - w//2)**2
        M *= 1 - np.exp(-r2 / (2 * 3.0**2))
G = np.fft.ifftshift(F * M)
out = np.exp(np.fft.ifft2(G).real) - 8.0
```

`ch` என்பது ஒரு நிறத்தின் மதிப்புகள், 0 முதல் 255 வரை, தசம எண்ணாக. மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே ஓட்ட வேண்டும். மேடை விளக்கில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் ஒரே நேரத்தில் அணைவதில்லை, பட்டைகள் நிறத்துக்கு நிறம் தள்ளி விழும். தொடக்கத்திலேயே லாக் எடுப்பதற்கும் காரணம் உண்டு. விளக்கு மங்கும்போது படத்திலிருந்து ஒரு நிலையான அளவு கழிவதில்லை, எல்லாம் ஒரே விகிதத்தில் குறைகிறது. வெளுத்த இடத்தில் பட்டை அழுத்தமாகவும் கறுத்த இடத்தில் லேசாகவும் இருக்கும். அப்படியே உருமாற்றினால் பொட்டு கலங்கிப் பரவும். லாக் எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், பொட்டும் குறுகும், சிறிய ஓட்டையே போதும். 8-ஐக் கூட்டுவது, கறுப்புத் திரையின் இரைச்சல் லாக்கில் ஊதிப் பெருகாமல் இருக்க.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. ஓட்டையின் அளவு 3.0 என்றால், பட்டையின் பலத்தைச் சுமார் 200 வரிசைச் சுற்றுவட்டாரத்தில் சராசரி பார்த்துத்தான் கழிக்கிறது. அந்த வட்டத்துக்குள் பட்டையே விழாத சின்ன இடம் இருந்தால் அங்கே தலைகீழ்ப் பட்டை முளைக்கும். நெற்றிச்சுட்டியில் முழு வெள்ளையாக எரிந்துபோன பளபளப்பில் இதைப் பார்த்தேன். பக்கத்தில் வேறு விளக்கில் எரிந்த குத்துவிளக்கின் சுடரைச் சுற்றியும் வந்தது. ஓட்டையைப் பெரிதாக்கினால் இது குறையும், ஆனால் வித்தியாசப் படத்தில் விரல்கள் தெரிய ஆரம்பித்துவிடும். நான் 3.0-இலேயே வைத்துவிட்டு, அந்தச் சில இடங்களில் மட்டும் மூலப் படத்தை மேலே ஒட்டினேன்.

வீடியோவுக்கு நான் இதைச் செய்ததில்லை. சாய்ந்த பட்டைகள் ஒன்றிரண்டு படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே இது இன்னும் சுலபமாகவே தோன்றியது, பொட்டு அந்தச் செங்குத்துக் கோட்டை விட்டு விலகி நிற்கிறது.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் விளக்குகள் மட்டும் வேறு கதை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். இதே கேமராவில் அது 800 வரிசை அகலத்தில் ஐந்தே பட்டைகளாக விழும். பொட்டு நடுவிலிருந்து 5 புள்ளி தள்ளி. படத்தின் ஒளி-நிழல் மொத்தமும் குடியிருக்கும் இடம் அது. அங்கே ஓட்டை போட்டால் மேடை முழுக்கப் பெரிய பெரிய மேகங்கள் கிளம்பும். அந்தப் படங்களுக்கு ஸ்பெக்ட்ரத்தைத் திறப்பதே வீண். பர்ஸ்ட்டில் எடுத்த அடுத்த ஃப்ரேமில் பட்டைகள் வேறு வரிசைகளில் விழுந்திருந்தால், ஆடுபவர் அசையாமல் நின்ற நிலையில் இரண்டையும் அடுக்கி, ஒன்றின் இருண்ட பட்டையை மற்றதன் வெளிச்சத்தால் நிரப்புவதுதான் வேலை செய்கிறது.