மேற்கு ஜன்னலுக்கு நீண்ட சன்ஷேடா, மூங்கில் தட்டியா?

பாளையங்கோட்டையில் எங்கள் படுக்கையறைக்கு மேற்கே ஒரு ஜன்னல். 4 அடி உயரம், மேலே 2 அடி சன்ஷேடு. இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் சுடும். சன்ஷேடை இன்னும் ஓரடி நீட்டிவிடலாம் என்றார் கொத்தனார். நான் வெளியே மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டேன்.

தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 8.7 பாகை வடக்கே இருப்பதால், ஜூனில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்தாலும் 75 பாகை உயரத்தில் நிற்கிறது. 2 அடி சன்ஷேடே போதும். டிசம்பரில் தெற்கு ஜன்னலின் அடியில் கொஞ்சம் வெயில் விழும். மார்கழி வெயில் யாருக்குக் கசக்கும்?

மேற்கில் கதை வேறு. மே மாதம் ஒரு நாள் சன்ஷேடின் நிழல் முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றேகாலுக்கு நிழல் 2 அடிக்குச் சற்று மேல். நாலேகாலுக்கு ஓரடி மூன்று அங்குலம். ஐந்தேகாலுக்கு வெறும் எட்டு அங்குலம். சூரியன் இறங்க இறங்க நிழல் மேலே ஏறிவிடுகிறது. நாலேகால் வெயிலில் முழு ஜன்னலையும் மறைக்க 6 அடிக்கு மேல் நீட்ட வேண்டும், ஐந்தேகாலுக்கு 12 அடி. அது சன்ஷேடு இல்லை, தாழ்வாரம். இடம் இருப்பவர்கள் தாழ்வாரமே இறக்கலாம். எங்களுக்குப் பக்கத்துச் சந்து 4 அடிதான்.

சுவரும் இருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூடு உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும். மாலை வெயில்தான் நள்ளிரவில் நம்மைப் புழுக்குகிறது. அதனால் தட்டியை ஜன்னல் அளவுக்கு வாங்காமல், சுவரில் 10 அடி அகலத்துக்கு, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டேன். இடைவெளி இல்லாவிட்டால் தட்டியின் சூடு சுவரில் ஏறும்; இருந்தால் வெந்த காற்று மேலே போய்விடும். உள்ளே திரை போடுவதில் பெரிய பயன் இல்லை. கண்ணாடி தாண்டிய வெயில் அறைக்குள் வந்த வெயில்தான்.

பராமரிப்பில் சன்ஷேடுதான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். மேலே மட்டும் கட்டியிருந்த என் முதல் தட்டியை ஆனி மாதத்து மேல்காற்று ஒரே இரவில் சுவரில் அடித்து அடித்து அடிக்கம்பை முறித்தது. இப்போது அடிக்கம்பை இரண்டு கொக்கிகளில் மாட்டியிருக்கிறேன்; காற்று பலத்தால் கயிற்றை இழுத்துச் சுருட்டிவிடுகிறேன். ஐப்பசி மழைக்கு முன் கழற்றிக் காயவைத்து உள்ளே வைக்கிறேன், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எனக்கு இரண்டு கோடை அனுபவம்தான். மூங்கில் நான்காம் கோடையைத் தாங்குமா என்று அப்போதுதான் தெரியும்.

பழைய சன்ஷேடை இடிக்கவில்லை. மழைச்சாரலுக்கு அது வேண்டும்.