லேப் ரிக்குக்கு டேம்பர்: எண்ணெய் டேஷ்பாட்டா, காந்தமா?

ஸ்ப்ரிங்-மாஸ் ரிக் கட்டுறவங்க டேம்பர்லதான் குழம்புறாங்க.

செலவு: எண்ணெய் சீப். காந்தத்துக்கு நியோடிமியமும் அலுமினியத் தகடும் வேணும்.

நம்பகம்: எண்ணெய் சூடானா இளகி டேம்பிங் விகிதம் ζ குறைஞ்சிடும், பிஸ்டன் சிலிண்டர்ல உரசினா இன்னும் மோசம். காந்தம் தகட்ட தொடுறதே இல்ல.

உரசுதான்னு எப்படி தெரியும்? 2 கிலோ மாஸ், 800 N/m ஸ்ப்ரிங்னா இயல்பு அதிர்வெண் சுமார் 3.2 ஹெர்ட்ஸ் வரும், இழுத்து விட்டு உச்சம் 10 மிமீல இருந்து 4 சுற்றுல 2 மிமீ ஆச்சுன்னா ln(5)/4 = 0.40, அத 2πஆல வகுத்தா ζ 0.064. உச்சம் ஒரே விகிதத்துல குறையணும், சுற்றுக்கு சுற்று ஒரே மிமீ குறைஞ்சா அது உரசல்தான், அந்த ζவ நம்பாதீங்க.

ஆட்டமே இல்லாம சட்டுனு நிக்கிற அளவு டேம்பிங் காட்டணும்னா எண்ணெய். உச்சங்கள எண்ணி ζ அளக்கணும்னா நான் காந்தம்தான் சொல்லுவேன்.