ஃபைனல் இயர் ஹனிபாட்: எதை நிறுவுவது, எங்கே வைப்பது?

எங்கள் தெருப் பையன் ஒருவன் தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி தர்மபுரி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நாலாம் வருடம் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து நின்றான். "அண்ணா, ஹனிபாட் போட்டு நாலு நாளாச்சு. லாக்ல ஒண்ணுமே விழலண்ணா. செகண்ட் ரிவ்யூ பக்கத்துல வந்துருச்சு."

ஹனிபாட் என்பது, தாக்க வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பதிவுசெய்ய வேண்டுமென்றே திறந்துவைக்கும் பொறி. நான் ஓசூரில் சர்வர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அவன் ரௌட்டரைத் திறந்து வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. 100.64.0.0/10 என்ற வரிசை, நெட் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோடும்போது உள்ளே கொடுக்கும் முகவரி. வெளியிலிருந்து வருபவன் கம்பெனியின் பெட்டி வரைதான் வர முடியும். பையன் தன் ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் சரியாகத்தான் போட்டிருந்தான், ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கதவு பூட்டியிருக்கிறது. ரௌட்டர் காட்டும் முகவரியும், "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் முகவரியும் வேறாக இருந்தால் வீட்டு லைனில் ஹனிபாட் வைத்துப் பயனில்லை. தனியாகப் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம்தான். அப்புறம் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் லாக்கில் ஓட்டை விழும். போதாக்குறைக்கு, அம்மாவின் போனும் டிவியும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் கண்டவனுக்கும் கதவைத் திறந்துவைக்கிறோம்.

அவன் குழுவில் இன்னொருவர் கல்லூரி லேபிலேயே வைக்கலாம் என்றாராம். அங்கே வைத்தால் பதிவாவது வேறு விஷயம். கல்லூரி ஃபயர்வாலுக்கு உள்ளே இருப்பதை வெளியுலகம் தொடாது. ஆகவே லாக்கில் ஒரு வரி விழுந்தாலே அது செய்திதான்: வைரஸ் பிடித்த லேப் கணினியாக இருக்கலாம், நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப் கருவியைக் கற்றுக்கொள்ளும் ஜூனியராகவும் இருக்கலாம். நிறுவனங்கள் உள்ளே ஹனிபாட் வைப்பது இந்த எச்சரிக்கைக்காகத்தான். ஆனால் முப்பது நாளில் ஐந்து வரி விழுந்தால், அதை வைத்து "பதிவுகளின் பகுப்பாய்வு" என்று ஓர் அத்தியாயம் எழுத முடியாது. லேப் இன்சார்ஜிடம் எழுத்தில் அனுமதியும் வாங்க வேண்டும்.

மிச்சம் இருப்பது வாடகை சர்வர். மிகச் சிறிய மெஷின் போதும். மாதம் ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும், மூன்று பேர் பங்குபோட்டால் பெரிய செலவில்லை. பொது முகவரி நேரடியாக இருக்கும், 22-ஆம் போர்ட்டைத் திறந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கம்பெனியின் விதிமுறை ஹனிபாட்டை அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முதலில் படித்துவிட வேண்டும். இந்த வேலைக்கு என் ஓட்டு வாடகை சர்வருக்குத்தான்.

அடுத்தது, எந்த மென்பொருள்? பையன் குழு கவுரியைத் தேர்ந்தெடுத்திருந்தது. (தமிழில் எழுதினால் பெண் பெயர் மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குச் சோழி என்று பொருள்.) பழைய கிப்போ என்ற ஹனிபாட்டிலிருந்து மிஷெல் ஊஸ்டர்ஹாஃப் வளர்த்தெடுத்தது. நல்ல கருவி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருபவனை உள்ளே விட்டு, போலியான லினக்ஸ் ஷெல் ஒன்றைக் காட்டி, அவன் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் பதிவுசெய்யும். ஆனால் திட்டத்தின் தலைப்பில் "லோ இன்டராக்‌ஷன்" என்று போட்டிருக்கிறார்கள், அதாவது வருபவனை உள்ளே விடாமல் முகப்போடு நிறுத்தும் வகை. கவுரியோ தன்னை மீடியம் முதல் ஹை வரை என்றுதான் சொல்லிக்கொள்கிறது. வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

பெயர்ச் சிக்கலைவிட முக்கியமான வேறுபாடு பொறுப்பில் இருக்கிறது. உள்ளே வந்தவன் `wget` அடித்தால் கவுரி அந்தக் கோப்பை உண்மையாகவே இறக்கி `var/lib/cowrie/downloads` என்ற இடத்தில் வைக்கும். அது நிஜ மால்வேர். அதை லேப்டாப்புக்கு இழுத்து வந்து ரிவ்யூவில் திறந்து காட்டும் ஆர்வம் யாருக்கும் வரும். மால்வேரைத் தனிமைப்படுத்திக் கையாளத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இல்லாவிட்டால் கவுரியைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓப்பன்கேனரி இதற்கு நேர் எதிர். திங்ஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. எஸ்எஸ்எச், டெல்நெட், எஃப்டிபி போன்ற சேவைகளின் முகப்பை மட்டும் காட்டும். எந்தப் பெயர், எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் "தப்பு" என்று சொல்லி, கொடுத்ததை எழுதிவைத்துக்கொள்ளும். உள்ளே வந்தபின் என்ன செய்திருப்பான் என்பது கடைசிவரை தெரியாது. அதுதான் இதன் எல்லை, அறிக்கையில் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஆனால் உள்ளே நுழைய ஷெல்லே இல்லாததால் இறங்கும் மால்வேரும் இல்லை.

பைத்தானில் இருபது வரி எழுதி நாமே ஒரு போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது மூன்றாவது வழி. கற்க நல்லது, ஆனால் எஸ்எஸ்எச்சுக்கு உதவாது. மறையாக்கப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகுதான் பாஸ்வேர்டே வரும். இருபது வரியில் அது நடக்காது.

ஆகவே அந்தத் தலைப்புக்கு ஓப்பன்கேனரிதான் பொருந்தும். அதை நிறுவியதும் ஒரு மாற்றம் அவசியம். அதன் கட்டமைப்புக் கோப்பில் எஸ்எஸ்எச் பதிப்பாக `SSH-2.0-OpenSSH_5.1p1 Debian-4` என்று இருக்கும். பதினைந்து வருடத்துக்கும் மேல் பழையது. அதைப் பார்த்ததுமே இது பொறி என்று கண்டுகொள்ளும் ஸ்கேனர்கள் உண்டு. இன்றைய பதிப்பு ஒன்றைப் போட்டு, டெல்நெட்டையும் திறந்துவிடுங்கள்:

```
"ssh.enabled": true,
"ssh.port": 22,
"ssh.version": "SSH-2.0-OpenSSH_9.6p1 Ubuntu-3ubuntu13",
"telnet.enabled": true,
"telnet.port": 23,
```

இதற்கு முன்பே சர்வரின் நிஜ எஸ்எஸ்எச்சை வேறு போர்ட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். உபுண்டு 24.04-இல் `sshd_config` கோப்பில் போர்ட்டை மாற்றிவிட்டு `ssh` சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் மாறாது. `systemctl daemon-reload`, அப்புறம் `systemctl restart ssh.socket` இரண்டும் வேண்டும். புதிய போர்ட்டில் இன்னொரு ஜன்னலிலிருந்து நுழைந்து பார்க்கும்வரை பழைய ஜன்னலை மூடாதீர்கள்.

சரி, லாக் வந்துவிட்டது. ஓப்பன்கேனரியில் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு ஜேசன் வரி. `logtype` 4002 என்றால் எஸ்எஸ்எச் நுழைவு முயற்சி, 6001 என்றால் டெல்நெட். வெறும் 4000 வந்து அதே முகவரியிலிருந்து 4002 வரவில்லை என்றால், தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவன். ஷோடான், சென்சிஸ், ஷேடோசர்வர் போன்ற கணக்கெடுப்பாளர்கள் இதில் நிறைய இருப்பார்கள். முகவரியின் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரைப் பார்த்து அவர்களை முதலில் தனியாக எடுத்துவிடுங்கள். அவர்களையும் "தாக்குதல்" என்று எண்ணினால் வரைபடம் பெரிதாகத் தெரியும், கணக்கு பொய்யாகிவிடும்.

அடுத்த பொய் "டாப் 10 பாஸ்வேர்டு" படத்தில் நுழைகிறது. இப்படி வைத்துக்கொள்வோம்: மொத்தம் 10,000 முயற்சிகள், அதில் 6,000 ஒரே முகவரியிலிருந்து, அதுவும் ஒரே சிறு பட்டியலைச் சுற்றிச் சுற்றி. அப்போது படம் காட்டுவது ஒரே ஒருவனின் பட்டியலைத்தான். ஒவ்வொரு பெயர்-பாஸ்வேர்டு ஜோடியையும் எத்தனை தனித்தனி முகவரிகள் முயன்றன என்று எண்ணுங்கள்:

```
jq -r 'select(.logtype==4002)
  | [.src_host,.logdata.USERNAME,.logdata.PASSWORD] | @tsv' opencanary.log \
 | sort -u | cut -f2,3 | sort | uniq -c | sort -rn | head
```

இரண்டு பட்டியலையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், வித்தியாசமே ஒரு பத்தி எழுத வைக்கும்.

மணிவாரியான படம் போடுபவர்கள் நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஓப்பன்கேனரி எழுதும் `local_time` பெயருக்குத்தான் உள்ளூர் நேரம். அதில் இருப்பது யுடிசி. சர்வரின் சொந்த நேரம் `local_time_adjusted` என்பதில் இருக்கும். சர்வரே யுடிசியில் ஓடினால் அதுவும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியே இருக்கும். பையனின் முதல் படத்தில் "காலை ஏழு மணிக்கு உச்சம்" என்று இருந்தது. நம் நேரத்துக்கு அது பன்னிரண்டரை.

இதுவரை சொன்னது எல்லாக் குழுவும் செய்யக்கூடியது. லோ இன்டராக்‌ஷன் பதிவிலிருந்து இன்னும் ஆழமாக ஒன்று எடுக்கலாம். 2016-இல் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்த மிராய் என்ற மால்வேர், அதே வருடம் மூலநிரல் வெளியானதால் இன்றும் வாரிசுகளோடு சுற்றுகிறது. டெல்நெட் பதிவில் `root` / `xc3511`, `root` / `vizxv` போன்ற ஜோடிகள் வந்தால் அவை அதன் பட்டியலில் இருந்தவை. ஆனால் பாஸ்வேர்டுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், அது மட்டும் சான்றாகாது. மிராய்க்கு இன்னோர் அங்க அடையாளம் உண்டு: அது அனுப்பும் முதல் டிசிபி பாக்கெட்டின் சீக்வென்ஸ் எண், சேர வேண்டிய முகவரியேதான். லட்சக்கணக்கான முகவரிகளைத் தட்டும்போது யாரைத் தட்டினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு; பதில் பாக்கெட்டில் வரும் எண்ணில் ஒன்றைக் கழித்து, பதில் சொன்னவரின் முகவரியோடு ஒப்பிட்டால் போதும். தற்செயலாக இப்படிப் பொருந்த ஏறக்குறைய 430 கோடியில் ஒரு வாய்ப்புதான்.

ஓப்பன்கேனரி இதைப் பதிவுசெய்யாது. பக்கத்தில் `tcpdump` ஓடவிட வேண்டும். உதாரணத்துக்கு சர்வரின் பொது முகவரி 203.0.113.25 என்றால், பதினாறடிமானத்தில் அது CB007119:

```
tcpdump -ni eth0 -w syn.pcap 'tcp[tcpflags] == tcp-syn'
tcpdump -nr syn.pcap 'tcp[4:4] == 0xCB007119'
```

`tcp[4:4] == ip[16:4]` என்று எழுதினால் முகவரியைக் கையால் மாற்ற வேண்டாமே என்று பையன் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் அமேசான் போன்ற சில கிளவுடுகளில் மெஷினுக்கு உள்ளே இருப்பது 172 என்றோ 10 என்றோ தொடங்கும் தனி முகவரி. வழியில் சேருமிட முகவரி மாற்றப்பட்டுவிடும், சீக்வென்ஸ் எண் மட்டும் பழைய பொது முகவரியாகவே வந்து நிற்கும். ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தாது. மிராயே வரவில்லை என்று எழுதிவிடுவோம். அதனால்தான் பொது முகவரியைக் கையால் போடச் சொல்கிறேன்.

இந்த வடிகட்டியில் வந்த முகவரிகளையும், 6001 வரிகளில் அந்தப் பாஸ்வேர்டுகளைத் தந்த முகவரிகளையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பவை ஏறக்குறைய உறுதியாக மிராய் வம்சம். பாஸ்வேர்டு மட்டும் பொருந்துபவை பட்டியலை நகலடித்தவையாக இருக்கலாம். நாட்டுவாரி வண்ணப்படத்தைவிட இந்த ஒரு அட்டவணைக்கு மதிப்பு அதிகம். அந்தப் படம் போட்டே ஆக வேண்டும் என்றால் தலைப்பில் "தாக்குபவர்களின் நாடு" என்று எழுதாதீர்கள். அங்கே இருப்பது யாரோ ஒருவர் வீட்டுக் கேமரா. முகவரிகளின் கடைசிப் பகுதியையும் மறைத்தே அச்சிடுங்கள்.

அறிக்கையை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் பாஸ்வேர்டு அட்டவணையை நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு வரியில் பையனின் ஊர்ப் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்து நின்றன. ஒருநாள் அவசரத்தில் `-p` போட மறந்து 22-ஆம் போர்ட்டிலேயே நுழையப் பார்த்திருக்கிறான். ஹோஸ்ட் கீ மாறியிருக்கிறது என்று வந்த எச்சரிக்கையையும் தாண்டிப் போயிருக்கிறான். சர்வரின் நிஜப் பாஸ்வேர்டு அவன் வைத்த பொறியிலேயே விழுந்திருந்தது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, கீ வழி நுழைவுக்குப் போய், அவன் வீட்டு முகவரியிலிருந்து வந்த வரிகளையெல்லாம் லாக்கிலிருந்து கழித்துவிட்டு எண்களை மறுபடி போட்டோம்.