சாடிக் கறிவேப்பிலைக்கு வேப்பெண்ணெய்: பதினான்கு மாதப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் கேட்டார். "கறிவேப்பிலை இலையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது. கிளையைத் தொட்டால் வெள்ளையாகச் சின்னப் பூச்சிகள் எழும்புகின்றன. நீ அடித்த எண்ணெயின் பெயரைச் சொல்லு தங்கச்சி." பெயரை மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணெய் எனக்கு உதவியது உண்மை. ஆனால் அதை நம்பியே நான் மூன்று மாதங்களை வீணாக்கியதும் உண்மை.

என் கன்று நிற்பது கிளிநொச்சியில், வாடகை வீட்டின் குசினி வாசலில். வளவு முழுக்கக் கிறவல் என்பதால் நிலத்தில் வைக்க வழியில்லை. இருபது லீற்றர் பெயின்ட் வாளியின் அடியில் துளையிட்டு வைத்த கன்று நாலு வருடத்தில் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. சென்ற வருடம் வைகாசியில், சோளகக் காற்று தொடங்கி வீதிப் புழுதி இலைகளில் படியத் தொடங்கிய நாட்களில், வாளிக்குக் கீழே சீமெந்துத் தரை மினுங்குவதைக் கண்டேன். எண்ணெய் சிந்தியது என்று நினைத்துத் துடைத்தேன். மறுநாளும் மினுங்கியது. இலைகளின் மேற்புறம் நெய் தடவியது போல் இருந்தது. இரண்டு கிழமையில் அதன் மேல் அடுப்புக்கரி போலக் கறுப்புப் படிந்தது.

அந்தக் கறுப்பைத்தான் நான் நோய் என்று எண்ணினேன். அது இலைக்குள் புகும் நோய் அல்ல. சாறு உறிஞ்சும் பூச்சிகள் தமக்கு மிஞ்சிய இனிப்பு நீரைக் கழிக்கின்றன. அது கீழே உள்ள இலையின் மேல் விழுந்து ஒட்டுகிறது, அந்த இனிப்பில் கரும்பூஞ்சணம் வளர்கிறது. வெளிச்சத்தை மறைக்கிறதே தவிர, இலையை அது தின்பதில்லை. ஆகவே ஒட்டுகிற இலையைப் பார்த்துப் பயனில்லை. அதற்கு மேலே உள்ள இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

புரட்டினேன். வெள்ளை ஈக்கள் எழும்பிப் பறந்து, சில நொடிகளில் அதே கிளைக்குத் திரும்பின. அவை இருந்த இடத்தில், நகராத, தட்டையான, வெளிறிய முட்டை வடிவப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவைதான் குஞ்சுகள். பறப்பவற்றை விட அதிகம் உறிஞ்சுவது அவையே. நான் கண்டது அவ்வளவுதான். பச்சைத் தண்டிலும் இலையின் நடுநரம்பிலும் வரிசையாக இருந்த பழுப்பு மேடுகளைத் தண்டின் இயல்பான முடிச்சு என்று நினைத்துக் கடந்துபோனேன். இந்த ஒரு பிழைக்குத்தான் பிறகு அவ்வளவு விலை கொடுத்தேன்.

பசளைக் கடையில் முதலில் எடுத்துத் தந்தது வேரால் ஏறும் பூச்சிகொல்லி. "ஒரு தரம் ஊற்றினால் போதும்" என்றார் கடைக்காரர். வேரால் ஏறுவது இலைக்குள்தான் போய் நிற்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது. நாள்தோறும் சொதிக்குள் போடுகிற இலைக்கு அதை ஊற்ற நான் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் அந்த முடிவில் மாற்றமில்லை. அதற்குப் பதிலாக வாங்கியதுதான் வேப்பெண்ணெய்.

லீற்றருக்கு ஐந்து மில்லிலீற்றர் என்று போத்தலில் எழுதியிருந்தது. அப்படியே தண்ணீரில் விட்டுக் குலுக்கி அடித்தேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதும், அதைக் கலக்கச் சவர்க்காரம் வேண்டும் என்பதும் அந்த ஒட்டுத்தாளில் எங்குமே இல்லை. விசிறும் போத்தலின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால், மேலே மிதந்த எண்ணெய் கடைசியில்தான் வந்தது. முதலில் அடித்த மேல்கிளைகளுக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர். கடைசியில் அடித்த கீழ்க்கிளைகளுக்குக் கிடைத்தது தனி எண்ணெய். காலையில் அடித்திருந்தேன். பகல் வெயிலில் கீழ் இலைகளின் ஓரம் கருகிச் சுருண்டது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்தக் கிளைகள் தப்பியிருக்கும்.

பிறகு நான் பழகிய முறை இது. ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முதலில் பாத்திரம் கழுவும் திரவ சவர்க்காரம் அரைத் தேக்கரண்டி. அது கலந்த பின் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய். நன்றாகக் குலுக்கினால் பால் போல வெளுக்க வேண்டும், மேலே எண்ணெய் வளையம் நிற்கக் கூடாது. உடுப்புத் தோய்க்கும் தூளைப் போட வேண்டாம், அதன் காரம் இலையைக் கருக்கும். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்து, ஐந்து மணிக்குப் பிறகு, இலையின் அடிப்புறம் நனைந்து சொட்டும் வரை அடிக்க வேண்டும். கலந்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் அதன் வீரியம் போய்விடும்.

ஒரு முறை அடித்துவிட்டு நிறுத்தினால் ஒன்றும் நடக்காது. இந்தக் கலவை தொட்டதைத்தான் கொல்லும். முட்டைகளில் பல தப்பிவிடும். எங்கள் வெக்கையில் வெள்ளை ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர மூன்று நாலு கிழமை செல்கிறது. அதனால் ஐந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு மாதம் விடாமல், நாட்காட்டியில் குறித்து அடித்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: மூன்றாம் முறையிலேயே கிளையைத் தட்டினால் எழும்புவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. ஆடி முடிவில் வெள்ளை ஈ இல்லை.

ஆனால் தரை மினுங்கியது.

இந்தப் பிசுபிசுப்புத்தான் என் நித்திரையைக் கெடுத்தது. ஈ இல்லை, குஞ்சு இல்லை, ஆனாலும் ஒட்டுகிறது. ஒருநாள் இரவு உடைந்த சன்னல் கண்ணாடியைத் துடைத்து வாளிக்குப் பக்கத்தில், கிளைகளுக்கு நேர் கீழே வைத்தேன். விடியப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. அந்தப் புள்ளிகளுக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டே போனபோதுதான் அந்தப் பழுப்பு மேடுகளிடம் வந்து சேர்ந்தேன். நகத்தால் ஒன்றைக் கிளப்பினேன். தண்டின் முடிச்சு என்றால் கிளம்பியிருக்காது. இது சின்ன ஓடு போலக் கழன்று ஈரமாக நசுங்கியது. செதில்பூச்சி.

அந்த ஓட்டுக்கு மேலே ஒரு மாதமாக எண்ணெய் அடித்திருக்கிறேன், முதிர்ந்த பூச்சிகள் அசையவில்லை. பெரிதான சிலவற்றைக் கிளப்பினால் உள்ளே பொடி போல முட்டைகள் இருந்தன. தாய் செத்தாலும் ஓடு முட்டைகளுக்குக் கூரையாக நிற்கிறது. ஆகவே இதற்கு மருந்தை விடக் கைதான் வேண்டும். பழைய, மெத்தென்ற பல்துலக்கியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தண்டைக் கீழிருந்து மேலாகத் தேய்த்தேன். இலை நரம்பை ஈரத்துணியால் துடைத்தேன். மிக மோசமான நாலு கிளைகளை வெட்டி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டேன். கறிவேப்பிலை வெட்டைத் தாங்கும், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வைக்கும். தேய்த்த பிறகுதான் தெளிப்புக்கு வேலை வருகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஓடு வளரும் முன் சில நாட்கள் தண்டில் ஊர்ந்து திரிகிறது, அப்போது அதைச் சவர்க்காரத் தண்ணீரே கொன்றுவிடும். ஒட்டும் நாடாவின் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு தண்டில் சுற்றிவைத்தேன். அதில் மஞ்சள் தூசி போலப் புள்ளிகள் ஒட்டத் தொடங்கிய கிழமையே அடிக்க வேண்டிய கிழமை.

செத்த செதில்கள் தாமாக விழுவதில்லை. அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் அடிப்பவர்கள் உண்டு. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். காய்ந்து பொருக்காக உதிர்ந்தால் செத்தது, ஈரம் கசிந்தால் உயிருடன் இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் புரட்டாசியில் கண்ணாடியில் மீண்டும் புள்ளிகள். இம்முறை எறும்புகளைப் பார்த்தேன். தண்டில் ஏற முடியாதபடி துணிப்பட்டி சுற்றி அதன் மேல் கிறீஸ் தடவியிருந்தேன் (பட்டையில் நேரே தடவினால் தண்டு பழுதாகும்). வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் வழியை நான் விரும்பவில்லை, நுளம்பு பெருகிவிடும். பட்டியில் ஒரு எறும்பும் இல்லை, மேலே கிளையிலோ வரிசையாகப் போகின்றன. வரிசையைப் பின்தொடர்ந்தேன். உடுப்புக் காயப்போடும் கயிறு காற்றில் வந்து ஒரு கிளையில் முட்டிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து கிளை. இனிப்பு நீருக்காக எறும்புகள் செதில்களைக் காவல் காக்கின்றன, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுகின்றன. வாளியைக் கயிற்றிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த பத்து நாளில் இலைகளில் பொறிவண்டின் குஞ்சுகளைக் கண்டேன். அதன் பிறகு மாரி மழை மிச்சக் கறுப்பைக் கழுவியது.

இந்தப் பங்குனியில் கொஞ்சம் வெள்ளை ஈ திரும்பி வந்தது. அதற்கு நானே காரணம். வேகமாகத் துளிர்க்கட்டும் என்று இரண்டு கிழமைக்கொரு முறை யூரியா போட்டிருந்தேன். மென்மையான, சாறு நிறைந்த துளிரைத்தான் அவை தேடி வருகின்றன. யூரியாவை நிறுத்தி, மக்கிய மாட்டெருவை மாதம் ஒரு கைப்பிடி போடுகிறேன்.

இனி எண்ணெய் பற்றிய என் முடிவு. வெள்ளை ஈயை அது அடக்கியது, இலையில் விஷம் ஏற்றவில்லை, ஒரு சின்னப் போத்தல் ஒரு பருவம் முழுதும் வந்தது. குறை சொல்ல இடமில்லாத கணக்கு. ஆனாலும் நான் இனி வாங்கப் போவதில்லை. அடித்துப் பத்து நாள் கழித்து, மூன்று தண்ணீரில் கழுவிப் போட்ட இலையிலும் சொதி கசந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். எதற்காக இந்தக் கன்றை வைத்திருக்கிறேனோ அதையே கெடுக்கிற மருந்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பங்குனியில் வந்த ஈக்களுக்கு வெறும் சவர்க்காரத் தண்ணீரை, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வீதம், நாலு நாளுக்கு ஒரு முறை அடித்தேன். கூடுதல் முறை அடிக்க வேண்டியிருந்தது, ஆனால் அடித்த மறுநாள் கழுவிச் சமைக்க முடிந்தது.

அக்காவிடம் எண்ணெயின் பெயரைச் சொன்னேன். அதற்கு முன் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன், கன்றுக்குப் பக்கத்தில் கயிறோ கம்பியோ தொடுகிறதா என்றும் கேட்டேன். "வேலிக் கம்பி முட்டிக்கொண்டு நிற்கிறது" என்றார். நேற்று மாலை சாடியை நகர்த்திவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், பல்துலக்கி தேடுகிறாராம். என் கண்ணாடித் துண்டில் இன்று விடிய இரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தன.