கூம்பு, கோளம்: எந்த வழியில் வெட்டினால் எது எளிதில் புரியும்?

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் அளவியல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "கூம்புல மணலை நிரப்பி உருளைல கொட்டினா மூணு தடவைல நிறையுதுன்னு டீச்சர் காட்டினாங்க மாமா. ஆனா அது சரியா மூணுதானா? 3.02 ஆ இருந்தா மணலுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. மணல் காட்டுவது தோராயம்தான். துல்லியமாக மூன்றில் ஒரு பங்கு என்று நிறுவ வேண்டுமானால், கூம்பைக் கிடையாகச் சீவிப் பார்க்க வேண்டும். அப்படிச் சீவுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வட்டத்தகடுகளை அடுக்கிக் கூட்டுவது ஒன்று. கன அளவு தெரிந்த இன்னொரு உருவத்தோடு சீவலுக்குச் சீவல் ஒப்பிடுவது இன்னொன்று. கவலியேரியின் கொள்கை என்பது இதுதான். மூன்றாவது தொகையிடல். கூம்புக்கு முதல் வழியும் கோளத்துக்கு இரண்டாவது வழியும்தான் பள்ளி மாணவருக்குச் சரி என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஆரம் r, உயரம் h உள்ள கூம்பைச் சம தடிமனில் 10 துண்டாகச் சீவுங்கள். ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் சரிவாக இருக்கும். அதை அப்படியே கணக்கிட முடியாது என்பதால், துண்டின் அடிப்பக்க ஆரத்தையே முழுத் துண்டுக்கும் வைத்து ஒரு வட்டத்தகடாக மாற்றிக்கொள்கிறோம். நுனியிலிருந்து எண்ணினால் தகடுகளின் ஆரங்கள் r/10, 2r/10, 3r/10 என்று போகும். பரப்பில் ஆரத்தின் வர்க்கம் வருவதால், எல்லாத் தகடுகளின் மொத்தக் கன அளவு இது:

πr²h × (1² + 2² + … + 10²) / 1000 = 0.385 πr²h

தகடுகள் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இது உண்மையை விட அதிகம். சரி, இப்போது துண்டின் மேல்பக்க ஆரத்தை எடுப்போம். தகடுகள் கூம்புக்குள் அடங்கிவிடும். கூட்ட வேண்டியது 0² முதல் 9² வரை, விடை 0.285 πr²h. உண்மையான கன அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 πr²h. அது அடியில் உள்ள ஒரே ஒரு தகட்டின் கன அளவு. வெளித்தகடுகளை ஒரு படி கீழே இறக்கினால் உள்தகடுகளின் இடத்தில் அப்படியே உட்காரும், கடைசித் தகடு மட்டும் மிஞ்சும். 100 துண்டாக்கினால் எல்லைகள் 0.33835, 0.32835 ஆகிவிடும். துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் மிஞ்சும் தகடு எவ்வளவு வேண்டுமானாலும் மெலிந்துகொண்டே போகும். n துண்டுகளுக்கு வெளிக்கூட்டல் n(n+1)(2n+1)/6n³. இந்தச் சூத்திரம் அதே பத்தாம் வகுப்பில் தொடர்களைப் படிக்கும்போது வருகிறது. n பெரிதாகும்போது அது 1/3-ஐ நெருங்கும். உள்கூட்டலும் அங்கேயே போய்ச் சேரும். இரண்டுக்கும் நடுவில் நிற்கக்கூடிய எண் 1/3 ஒன்றுதான். 3.02-க்கு இடமே இல்லை.

இந்த வழியில் ஒரு தவறான நினைப்பும் தானாக உடைகிறது. "சராசரி ஆரம் r/2, அப்படியானால் கன அளவு πr²h/4 தானே" என்று பல பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். சராசரி எடுக்க வேண்டியது பரப்புக்கு, ஆரத்துக்கு அல்ல. 1, 4, 9, 16 என்று எழுதிக் கூட்டும்போது அது கண்ணிலேயே தெரிந்துவிடும்.

கூம்புக்குக் கவலியேரி வழியும் உண்டு. ஒரே உயரத்தில் வெட்டும்போதெல்லாம் இரண்டு உருவங்களின் வெட்டுப்பரப்பும் சமமாக இருந்தால், கன அளவும் சமம். இத்தாலியின் பொலோனாவில் கணிதம் கற்பித்த கவலியேரி 1635-இல் வெளியிட்ட நூலில் இதை விரித்து எழுதினார். கனசதுரத்தை ஒரு மூலையிலிருந்து மூன்று சமப் பிரமிடுகளாகப் பிரிக்கலாம், ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. அதை நீட்டிக் குறுக்கி, கூம்பின் அடிப்பரப்பும் உயரமும் கொண்ட பிரமிடாக்கி ஒப்பிட வேண்டும். அழகான வழிதான். ஆனால் அந்த மூன்று பிரமிடுகளையும் அட்டையில் செய்து கையில் கொடுக்காவிட்டால் பாதிப் பேருக்குக் கண்முன் வராது.

கோளத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே கவலியேரிதான் வெளிச்சம். R ஆரமுள்ள அரைக்கோளத்தைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். பக்கத்தில் அதே ஆரமும் R உயரமும் உள்ள ஓர் உருளை. அதற்குள்ளிருந்து, நுனி கீழே இருக்கும்படி, அதே ஆரமும் உயரமும் உள்ள ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். R = 10 செ.மீ. என்று வைத்து, இரண்டையும் 6 செ.மீ. உயரத்தில் வெட்டுவோம். அரைக்கோளத்தில் பிதாகரஸ் தேற்றப்படி வெட்டு வட்டத்தின் ஆரம் 8, பரப்பு 64π. உருளையில் கிடைப்பது ஒரு வளையம். வெளி ஆரம் 10. உள்ளே குடைந்த கூம்பின் ஆரம், அந்த உயரமான 6-தான். பரப்பு 100π − 36π, அதுவும் 64π. எந்த y உயரத்தில் வெட்டினாலும் இரண்டு பக்கமும் π(R² − y²) தான் வரும்.

ஆகவே அரைக்கோளத்தின் கன அளவு = உருளை − கூம்பு = πR³ − πR³/3 = 2πR³/3. முழுக் கோளம் 4πR³/3. கூம்பின் 1/3 முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் கூம்பை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

அரைக்கோளத்தையும் தகடுகளாக்கிக் கூட்டலாமே என்றால், கூட்டலாம். 10 துண்டுக்கு எல்லைகள் 0.715 πR³, 0.615 πR³ என்று வரும். 1-லிருந்து கழித்துப் பாருங்கள்: 0.285, 0.385. கூம்பில் பார்த்த அதே எண்கள்! அரைக்கோளத்தில் குறைவது ஒரு கூம்பு என்பதைத்தான் அந்தக் கூட்டலும் சுற்றி வளைத்துச் சொல்கிறது. கவலியேரி அதை ஒரே படத்தில் காட்டிவிடுகிறார்.

தொகையிடலில் இரண்டு கன அளவுகளும் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். x²-ஐத் தொகையிட்டால் x³/3, அங்கேதான் அந்த 3 பிறக்கிறது. மேல்நிலை வகுப்பில் அது வரும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்போதே கொடுத்தால், மனப்பாடம் செய்ய இன்னொரு சூத்திரம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

மறுநாள் அக்கா மகள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். அதே தகடுகளை வைத்துக் கூம்பின் வளைபரப்பையும் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறாள். ஆரம் 3, உயரம் 4 என்றால் சாயுயரம் 5, வளைபரப்பு 15π வர வேண்டும். தகடுகளின் பக்கச்சுவர்களைக் கூட்டினால் 12π-ஐ நெருங்குகிறது. படிகளின் மேல்பரப்பையும் சேர்த்தால் 21π-ஐ நெருங்குகிறது. எவ்வளவு மெலிதாகச் சீவினாலும் 15π வராது. கன அளவில் உண்மையான விடை உள்தகடுகளுக்கும் வெளித்தகடுகளுக்கும் நடுவில் சிக்கியிருந்தது, அந்த இடைவெளியும் சுருங்கிக்கொண்டே போனது. வளைபரப்பில் அப்படி ஒரு பிடி கிடையாது. படிக்கட்டு எவ்வளவு நுணுக்கமானாலும் படிக்கட்டுதான், சரிவாகாது. வளைபரப்புக்குக் கூம்பைச் சாயுயரத்தோடு வெட்டி, வட்டக்கோணப் பகுதியாக விரித்துத்தான் பார்க்க வேண்டும்.